மதியம் ஆனா இன்வெர்ட்டர் OV-G-V காட்டி நின்னுடுது, தோட்டத்து வீடு, 3 கிலோவாட்

தோட்டத்துவீடு
வணக்கமுங்க. தாராபுரம் பக்கம் தோட்டத்துல வீடு. போன வருஷம் பிஎம் சூர்ய கர்ல 3 கிலோவாட் போட்டோம், சிங்கிள் பேஸ், பேட்டரி இல்லாத ஆன்கிரிட். காலைல நல்லா ஓடுது, பதினொன்றரைக்கு மேல வெயில் ஏற ஏற இன்வெர்ட்டர் `OV-G-V` காட்டிட்டு நின்னுடுது, கொஞ்ச நேரத்துல தானா மறுபடி ஓடுது, மறுபடி நிக்குது, ரெண்டு ரெண்டரை மணி வரைக்கும் இதே கூத்துதான். ஞாயித்துக்கிழமைனா இன்னும் மோசம். வேடிக்கை என்னன்னா கிணத்து மோட்டார் போட்டா நிக்காம ஓடுது. போட்டுக்கொடுத்தவங்களை கேட்டா "இன்வெர்ட்டர்ல ஒண்ணும் இல்ல, ஈபி வோல்டேஜ் ஜாஸ்தி"ங்கறாங்க, செக்‌ஷன் ஆபீஸ்ல கேட்டா "எங்க வோல்டேஜ் சரியாதான் இருக்கு, உங்க மெஷின் கோளாறு"ங்கறாங்க. யாரு சொல்றது நெசம்?

பல்லடம்பாலு
ரெண்டு பேரும் நெசம்தான் சொல்றாங்க, ரெண்டு பேரும் பாதிதான் சொல்றாங்க 😄 ஒரு நல்ல ஸ்டெபிலைசர் வாங்கி இன்வெர்ட்டருக்கு முன்னாடி மாட்டுங்க, எங்க தறி ஷெட்டுல சர்வோ ஸ்டெபிலைசர் போட்டோம், அப்புறம் பிரச்சனையே இல்ல.

மீட்டர்பெட்டி
பாலுண்ணே உங்க ஷெட்டுல கரண்டு போர்டுல இருந்து உங்களுக்கு வருது, இவருக்கு இவரு வீட்டுல இருந்து போர்டுக்கு போகுது. சர்வோ தன் அவுட்புட் பக்கத்தை அளந்து சரி பண்ற சாமான், அந்த அவுட்புட் பக்கத்துல இன்வெர்ட்டர் உக்காந்து வோல்டேஜை ஏத்திக்கிட்டிருந்தா அது பிரஷை ஓட்டிக்கிட்டே இருக்கும், இன்வெர்ட்டரும் வோல்டேஜ் ஆடுதுன்னு நிக்கும். அதை விடுங்க.

தோட்டத்துவீடு, முதல்ல அளந்து பாருங்க. ஒரு மல்டிமீட்டர் போதும். இன்வெர்ட்டர் ஏசி எம்சிபிய ஆஃப் பண்ணிட்டு மீட்டர் போர்டுல வோல்டேஜ் எவ்வளவுன்னு பாருங்க. அப்புறம் ஆன் பண்ணி, ஓடிக்கிட்டு இருக்கும்போது, டிரிப் ஆகறதுக்கு முன்னாடி, மீட்டர் போர்டுல ஒரு தடவை, மாடில இன்வெர்ட்டர் பக்கத்துல இருக்கற ஏசி டிபில ஒரு தடவை. அந்த நேரம் இன்வெர்ட்டர் டிஸ்ப்ளேல எத்தனை ஆம்ப்னு குறிச்சுக்கங்க. வீட்டுல பெரிய லோடு எதுவும் ஓடக்கூடாது. மூணு வோல்டேஜ், ஒரு ஆம்ப், இவ்வளவுதான் வேணும். டிரான்ஸ்பார்மர் எவ்வளவு தூரம், மாடிக்கு போற ஒயர் என்ன சைஸ், கம்பத்துல இருந்து வீட்டுக்கு வர்ற சர்வீஸ் ஒயர் என்ன, அதையும் சொல்லுங்க. டெர்மினல்ல புரோப் வைக்க பழக்கம் இல்லைன்னா எலக்ட்ரீஷியனை கூப்பிட்டு பாருங்க.

கம்பம்_45
எனக்கும் இதே பிரச்சனைங்க. எங்க வீட்டு இன்வெர்ட்டர் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல கீ கீன்னு கத்துது, டிவி அணைஞ்சிடுது, பேட்டரி மாத்தி ஒரு வருஷம்தான் ஆச்சு. வோல்டேஜ் 170தான் வருது. என்ன செட்டிங் மாத்தணும்?

மீட்டர்பெட்டி
அண்ணா அது வேற. உங்களோடது பேட்டரி இன்வெர்ட்டர், வோல்டேஜ் கம்மியா வந்து அது பேட்டரிக்கு மாறுது. இங்க பேசறது வோல்டேஜ் ஜாஸ்தியாகி சோலார் நிக்கறது. தனி இழை போடுங்க, அங்க பேசலாம்.

தோட்டத்துவீடு
இன்னைக்கு எலக்ட்ரீஷியன் தம்பிய வச்சு அளந்தாச்சுங்க, பதினோரு மணி. ஆஃப் பண்ணினா 246. ஆன் பண்ணி 8 ஆம்ப் போயிட்டு இருக்கும்போது மீட்டர் போர்டுல 257, மாடில 261. டிரான்ஸ்பார்மர் கம்பி வழியா ஒரு அரை கிலோமீட்டர் இருக்கும், எங்க வீடுதான் கடைசி. மாடி ஒயர் காப்பர் 2.5, ஒரு முப்பது மீட்டர் ஓடுது. சர்வீஸ் ஒயர் அலுமினியம், 4 ஸ்கொயர்னு சொன்னாரு, அதுவும் முப்பது மீட்டர் இருக்கும், கம்பம் ரோட்டுல இருக்கு.

மீட்டர்பெட்டி
அருமை, இதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம், உங்க வீட்டு கதை முழுக்க இந்த நாலு நம்பர்ல இருக்கு.

கரண்டு எப்பவும் வோல்டேஜ் ஜாஸ்தியா இருக்கற பக்கத்துல இருந்துதான் கம்மியா இருக்கற பக்கத்துக்கு ஓடும். உங்க இன்வெர்ட்டர் 8 ஆம்ப் வெளிய தள்ளணும்னா, வழில இருக்கற கம்பியோட ரெசிஸ்டன்ஸுக்கு ஏத்த மாதிரி தன் பக்கத்து வோல்டேஜை ஏத்திக்கிட்டுதான் தள்ள முடியும். ராத்திரி லோடு எடுக்கும்போது கடைசி வீட்டுல வோல்டேஜ் இறங்குது இல்ல, அதே கம்பி பகல்ல திருப்பி வேலை செய்யுது.

246ல இருந்து 261, மொத்தம் 15 வோல்ட் ஏறுது, 8 ஆம்புக்கு. 15ஐ 8ஆல வகுத்தா கிட்டத்தட்ட 1.9 ஓம். இதுல மீட்டர்ல இருந்து மாடி வரைக்கும் மட்டும் 4 வோல்ட், அதாவது அரை ஓம், அது உங்க சொந்த ஒயர். மீதி 11 வோல்ட் வெளிய, 1.4 ஓம் மாதிரி. ஒயர் கணக்கும் ஒத்துப்போகுது பாருங்க. 2.5 காப்பரும் 4 அலுமினியமும் ரெண்டுமே கிலோமீட்டருக்கு 7.4 ஓம், முப்பது மீட்டர் போக முப்பது வர, அறுபது மீட்டருக்கு 0.44 ஓம் ஆளுக்கு. எல்.டி. லைன் வீசல் கண்டக்டரா இருந்தா கிலோமீட்டருக்கு 0.93 ஓம் கிட்ட, அரை கிலோமீட்டர் பேஸ்ல போய் அரை கிலோமீட்டர் நியூட்ரல்ல திரும்புது, ஆக 0.93. மூணையும் கூட்டினா 1.8. மல்டிமீட்டர் பிழைக்குள்ள சரியா இருக்கு. இதுல இருந்து இன்னொரு விஷயமும் தெரியுது, எங்கயும் லூஸ் கனெக்‌ஷன் இல்ல. கணக்குல 1.8 வந்து அளவுல 3 வந்திருந்தா ஏதோ ஒரு ஜாயின்ட் கருகிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், அப்ப இந்த பேச்சே வேற.

இப்ப மதியம் 2.7 கிலோவாட் வந்தா கரண்டு 10.6 ஆம்ப் மாதிரி. அதை 1.82ஆல பெருக்கினா 19 வோல்ட் சொச்சம். 246ஓட சேர்த்தா 265. உங்க இன்வெர்ட்டர் செட்டிங் 240க்கு 110 சதவீதம்னு வச்சா 264. அதான் வெயில் ஏறின உடனே டிரிப். மோட்டார் போட்டா ஏன் நிக்கறதில்லைனா, 1 எச்.பி. மோட்டார் 5 ஆம்ப் கிட்ட உங்க வீட்டுலயே தின்னுடுது, வெளிய போறது பாதியாகுது, வெளிப்பக்கத்து ஏத்தம் மட்டும் ஏழு வோல்ட் குறையுது.

வெயில்வாசி
264 எங்க இருந்து வருது? எங்க இன்வெர்ட்டர் 253லயே நிக்குதே.

மீட்டர்பெட்டி
மத்திய மின்சார ஆணையம், அதான் சி.இ.ஏ., அதோட 2013 விதில நாமினல் வோல்டேஜுக்கு 80ல இருந்து 110 சதவீதத்துக்கு வெளிய போனா ரெண்டு செகண்டுக்குள்ள விலகணும்னு இருக்கு. நாமினல் 240னு எடுத்தா 264, 230னு எடுத்தா 253. வெளிநாட்டு ஸ்டாண்டர்டுல இருந்து வர்ற மெஷின் 230னு வச்சுக்கிட்டு வரும், போடறவங்க கன்ட்ரி செட்டிங்கை தொடாம விட்டுட்டு போயிடுவாங்க. உங்களோடது அந்த கேஸா இருந்தா கேபிளை தொடறதுக்கு முன்னாடி அந்த செட்டிங்கை பாருங்க, நம்ம ஊர் நாமினலுக்கு மாத்தினாலே 11 வோல்ட் கிடைச்சிடும். இன்ஸ்டாலர் பாஸ்வேர்டு வேணும், அவங்களையே மாத்தி கொடுக்க சொல்லி எழுத்துல வாங்கிக்கங்க.

ரூஃப்டாப்ராஜா
எதுக்கு இவ்வளவு கணக்கு, நாங்க சைட்டுல 280 வச்சிட்டு வந்துடுவோம், ஒரு கம்ப்ளைன்ட்டும் வராது.

மீட்டர்பெட்டி
உங்களுக்கு கம்ப்ளைன்ட் வராது, ஃபிரிட்ஜ் மெக்கானிக்குக்கு வரும். 280 வரைக்கும் விட்டா அந்த வோல்டேஜ் இன்வெர்ட்டர்ல மட்டுமா இருக்கு, அதே வீட்டு எல்.இ.டி. பல்பு, செட்டாப் பாக்ஸ், ஃபிரிட்ஜ் எல்லாத்துக்கும் அதுதான் போகுது. இதுக்குள்ள இருக்கற சர்ஜ் புரொடெக்டர் நிறைய 275 வோல்ட் ரேட்டிங்தான், அதுக்கு மேல தினமும் மூணு மணி நேரம் வச்சா சூடாகி சாகும். அதே பேஸ்ல பக்கத்து கம்பத்துல இருக்கறவன் என்ன பாவம் பண்ணினான்? அவன் வீட்டுலயும் சேர்ந்துதான் ஏறுது. விதிக்கும் புறம்பு. நாமினலை சரி பண்றது வேற, பூட்டை உடைக்கறது வேற.

ரூஃப்டாப்ராஜா
சரி சார், ஆனா கஸ்டமர் யூனிட் வரலைனு தினம் போன் பண்றான், போர்டு லைனை மாத்தப் போறதில்ல, நான் என்ன பண்றது சொல்லுங்க. தியரி பேசறது ஈஸி.

ஈஈஈ_2019
வோல்ட்-வார் ஆன் பண்ணுங்க. பவர் ஃபேக்டரை 0.9 லேக்ல வச்சா இன்வெர்ட்டர் ரியாக்டிவ் பவரை இழுக்கும், வோல்டேஜ் தானா இறங்கிடும். காலேஜ்ல சிமுலேஷன் பண்ணினப்ப சூப்பரா இறங்குச்சு.

மீட்டர்பெட்டி
தம்பி நீங்க சிமுலேஷன்ல வச்சது 11 கேவி லைனா இருக்கும், அங்க ரியாக்டன்ஸ் கணிசமா இருக்கு, நல்லா இறங்கும். எல்.டி. லைன் மெல்லிசு கம்பி, அதுல ரெசிஸ்டன்ஸ்தான் ராஜா. இவரு லைனுக்கு போக வர ஒரு கிலோமீட்டருக்கு ரியாக்டன்ஸ் 0.35 ஓம் மாதிரி, 2.7 கிலோவாட்டுக்கு 0.9ல 1.3 கேவிஏஆர் இழுக்கும், 1300 பெருக்கல் 0.35 வகுத்தல் 255, ரெண்டு வோல்ட் கூட இல்ல. டிரான்ஸ்பார்மரையும் சேர்த்தா இன்னும் கொஞ்சம். தப்புன்னு சொல்லல, 264 ஓரத்துல நிக்கறவனுக்கு ரெண்டு வோல்ட்டும் காசுதான். ஆனா 3 கேவிஏ மெஷினுக்கு 0.9ல உச்சம் 2.7 கிலோவாட்தான், அதையும் நினைவுல வைங்க.

அதைவிட உபயோகமானது வோல்ட்-வாட். 258ல இருந்து பவரை குறைக்க ஆரம்பிச்சு 263ல பாதிக்கு கொண்டுவர்ற மாதிரி வச்சா மெஷின் நிக்காது, பவரை சுருக்கிக்கிட்டு ஓடும். நின்னா ஒரு நிமிஷமோ அஞ்சு நிமிஷமோ செட்டிங்கை பொறுத்து காத்திருந்து மறுபடி மெதுவா ஏறும், அந்த நேரம் முழுக்க பூஜ்யம். நின்னு நின்னு ஓடி பாதி மதியத்தை இழக்கறதுக்கு பதிலா கால்வாசி பவரை இழந்துட்டு போகலாம். ராஜா சார், உங்க கஸ்டமருக்கு 280க்கு பதிலா இதை வச்சு கொடுங்க. எல்லா மாடல்லயும் இந்த ஆப்ஷன் இருக்காது, பழசுல சிலதுல இல்ல.

லைன்மேன்_ஓய்வு
எல்லாரும் வீட்டையே பேசறீங்க, டிரான்ஸ்பார்மர் பக்கம் வாங்க. நம்ம ஊர் டிரான்ஸ்பார்மர் எல்லாம் 11 கேவிக்கு 433 வோல்ட். 433ஐ ரூட் மூணால வகுத்தா 250. லோடே இல்லாம சும்மா இருந்தா பேஸுக்கு 250தான் வரும், அதை அப்படித்தான் செஞ்சிருக்காங்க, லோடு ஏறினா கடைசி வீட்டுக்கு 220ஆவது போகட்டும்னு. சோலார் வராத காலத்துல செஞ்ச ஏற்பாடு. ராத்திரி சப்ஸ்டேஷன்ல 11 கேவிய கொஞ்சம் தூக்கி வச்சு, பகல்ல இறக்காம விட்டா அதுவும் சேர்ந்துக்கும். தாராபுரம் பக்கம்னா ஞாயித்துக்கிழமை தறி ஓடாது, மழை பெய்ஞ்ச வாரம் மோட்டார் ஓடாது, கெபாசிட்டர் மட்டும் லைன்ல தொங்கிக்கிட்டு இருக்கும், வோல்டேஜ் ஏறாம என்ன பண்ணும். ஞாயித்துக்கிழமை ஆஃப் வோல்டேஜ் எடுத்து பாருங்க, 246க்கு மேல இருக்கும்.

டிரான்ஸ்பார்மர்ல வோல்டேஜை கூட்டி குறைக்கற டேப்பை மாத்த சொல்லி ஏ.இ. கிட்ட லெட்டர் கொடுக்கலாம். டேப் இருக்கற டிரான்ஸ்பார்மரா இருந்தா எல்.சி. எடுத்து, லைனை நிறுத்திட்டு ஒரு ஸ்டெப் மாத்தினா இரண்டரை சதவீதம், ஆறு வோல்ட் இறங்கும். ஆனா சின்ன டிரான்ஸ்பார்மர் நிறைய டேப் இல்லாமலே வரும், அங்க மாத்த ஒண்ணும் இல்ல. இருந்தாலும் ராத்திரி கடைசி வீட்டுல பம்பு போட்டா 195க்கு வந்துடும்னு ஏ.இ. யோசிப்பாரு, அதுலயும் நியாயம் இருக்கு.

மீட்டர்பெட்டி
ஐயா சொன்னது முக்கியம். மொத்த ஏத்தத்துல எவ்வளவு யாருடையதுன்னு பிரிச்சு கேட்டாதான் செக்‌ஷன்ல பேச முடியும். "வோல்டேஜ் ஜாஸ்தி"ன்னு போனா யாரும் கேட்க மாட்டாங்க, "ஞாயிறு 12 மணி, சோலார் ஆஃப், மீட்டர்ல 249"னு தேதி போட்டு போட்டோவோட லெட்டர் கொடுங்க, அது உங்க மெஷின் மேல பழி போட முடியாத நம்பர்.

யாழ்_வெயிலன்
எங்கட பக்கமும் இதுதான் பிரச்சனை. போன வருஷம் சித்திரைப் புத்தாண்டு நேரம் கூரை சோலாரை பகல்ல நிப்பாட்டச் சொல்லி மின்சார சபை அறிவிச்சது. வோல்டேஜ் ஏறினதாலதானே?

மீட்டர்பெட்டி
அது 2025 ஏப்ரல் விஷயம், இலங்கை முழு கிரிட்டுக்கும் லீவு நாள்ல தேவை சுருங்கி, சோலார் அதிகமாகி பேலன்ஸ் பண்ண முடியாம போகுமேன்னு சொன்னது. அது ஃபிரீக்வன்சி, தேவை சார்ந்த பிரச்சனை. இங்க கிரிட்டுல ஒண்ணும் இல்ல, இந்த ஒரு லைனோட கடைசில மட்டும் ஏறுது. உங்க வீட்டுல டிரிப் வந்தா அதுல என்ன கோட் வருதுன்னு பாருங்க, வோல்டேஜா ஃபிரீக்வன்சியான்னு தெரிஞ்சிடும்.

வெயில்வாசி
நான் சொன்ன 253 செட்டிங்கை சரி பண்ணிட்டாங்க, நன்றி. ஆனா இன்னொரு சந்தேகம். எங்க வீட்டுக்கு மூணு பேஸ் சர்வீஸ், 3 கிலோவாட் சிங்கிள் பேஸ் இன்வெர்ட்டரை ஆர் பேஸ்ல போட்டிருக்காங்க. இப்ப பாத்தா ஆர்ல 268, ஒய்ல 221, பி 238 காட்டுது. பக்கத்து வீட்டுல மிக்ஸி போட்டா எல்லாம் ஆடுது. பேஸ் மாத்தினா சரியாயிடுமா?

மீட்டர்பெட்டி
பேஸ் மாத்தாதீங்க, இது சோலார் பிரச்சனையே இல்ல. ஒரு பேஸ் ஏறி இன்னொரு பேஸ் இறங்கி, பக்கத்து வீட்டு லோடுக்கு எல்லாம் ஆடினா நியூட்ரல் எங்கயோ லூஸ். எம்சிபிய ஆஃப் பண்ணிட்டு பாருங்க, அப்பவும் இந்த வித்தியாசம் இருக்கும். இன்னைக்கே செக்‌ஷனுக்கு போன் போட்டு கம்பத்து நியூட்ரல் ஜாயின்ட்டையும் சர்வீஸ் ஜாயின்ட்டையும் பாக்க சொல்லுங்க, அதுவரைக்கும் டிவி ஃபிரிட்ஜ் ஒயரை பிடுங்கி வைங்க. நியூட்ரல் முழுசா விட்டா 350 வரைக்கும் போகும்.

அது சரியான பிறகு பேஸ் கேள்விக்கு வரலாம். உங்களுக்கு மூணு பேஸ் இருக்கறதால நல்ல வழி ஒண்ணு இருக்கு. அதே 3 கிலோவாட்டை மூணு பேஸ் இன்வெர்ட்டர்ல பிரிச்சா ஒரு பேஸுக்கு மூணுல ஒரு பங்கு கரண்டுதான், அதோட நியூட்ரல்ல திரும்பற கரண்டும் இல்லாம போயிடுது, வோல்டேஜ் ஏத்தம் ஆறுல ஒரு பங்கா சுருங்கும். தோட்டத்துவீடு கணக்குல 19 வோல்ட் ஏறினது 3 வோல்ட்டுக்கு வரும். புதுசா வாங்கறவங்க, மூணு பேஸ் சர்வீஸ் இருந்தா முதல்லயே இதை கேட்டு வாங்குங்க, மாட்டின பிறகு மாத்தறது செலவு.

பல்லடம்பாலு
ஸ்டெபிலைசர் வேண்டாம் சரி, ஆட்டோ டிரான்ஸ்பார்மர் போடலாம்ல? எங்க ஏரியாவுல ஒருத்தர் இருபது வோல்ட் குறைக்கற மாதிரி ஒண்ணு சுத்தி வாங்கி மாட்டி ரெண்டு வருஷமா ஓட்டறாரு.

மீட்டர்பெட்டி
அது வேலை செய்யும், நகர்ற பாகம் இல்ல, ரெண்டு பக்கமும் கரண்டு போகும். ஆனா இன்வெர்ட்டர் பாக்கற வோல்டேஜ்தான் குறையுது, மீட்டர் பக்கத்து வோல்டேஜ் அப்படியேதான் இருக்கு. 264ல விலகணும்னு விதி சொல்றது கனெக்‌ஷன் பாயின்ட்டுல. ஆக 280 வைக்கற வேலையையே டிரான்ஸ்பார்மர் வச்சு பண்ற மாதிரி ஆகுது.

லைன்மேன்_ஓய்வு
நான் இதுல உங்களோட ஒத்துப்போக மாட்டேன். ஏத்தம் முழுக்க மீட்டருக்கு இந்தப்பக்கம் ஒயர்லயே இருந்தா அஞ்சு வோல்ட் குறைக்கறதுல என்ன தப்பு? மீட்டர்ல 258 இருந்தா யாருக்கும் பாதிப்பில்ல.

மீட்டர்பெட்டி
அப்படி இருந்தா ஒயரை மாத்தினாலே போச்சேங்கய்யா, அது எதுக்கு ராத்திரி பகலா சூடாகற ஒரு பொட்டி.

தோட்டத்துவீடு
தாமதமா வர்றேன், மன்னிக்கணும், அறுவடை வேலை. மாடி ஒயரை 6 ஸ்கொயர் காப்பரா மாத்தியாச்சுங்க. சாதா நாள்ல உச்சி வெயில்லயும் மாடில 262, 263தான் காட்டுது, நிக்கறதில்ல. ஞாயித்துக்கிழமை ஐயா சொன்ன மாதிரி ஆஃப்ல 249 இருந்துச்சு, அன்னைக்கு நின்னுச்சு. போட்டோவோட லெட்டர் கொடுத்தேன், ஏ.இ. பாத்தாரு, டிரான்ஸ்பார்மர் 63 கேவிஏ, டேப் இல்லையாம். சர்வீஸ் ஒயரை 10 ஸ்கொயரா மாத்த நான் வாங்கிக்கொடுத்தா போட்டுக்கொடுக்கறேன்னு லைன்மேன் சொல்றாரு. போடட்டுமா?

மீட்டர்பெட்டி
போடுங்க. 10 அலுமினியம் கிலோமீட்டருக்கு 3.08 ஓம், உங்க அறுபது மீட்டருக்கு 0.18. இப்ப இருக்கற 0.44ல இருந்து இறங்கறது 10.6 ஆம்புக்கு 2.7 வோல்ட். ஞாயிறு கணக்கு போட்டா 249ஓட 13.8 சேர்ந்து 263 சொச்சம்கூட ஆகாது, ஆனா விளிம்புதான். வெயில்ல கம்பி சூடானா ரெசிஸ்டன்ஸ் ஏறும், அன்னைக்கு நிக்கலாம். அதுக்கு வோல்ட்-வாட்டையும் வச்சுக்கங்க, ஞாயித்துக்கிழமை முடிஞ்சா மோட்டாரை காலைல போடாம பன்னெண்டு மணிக்கு போடுங்க. லைன் பெருசாக்காம இதுக்கு மேல உங்க கைல ஒண்ணும் இல்ல.

ரூஃப்டாப்ராஜா
ஒரு கேள்வி, யாராவது சொல்லுங்க. போர்டு பக்கத்து வோல்டேஜ் சோலார் ஆஃப்லயே 255 இருக்கற வீட்டுல டிரிப் ஆகி போற யூனிட்டுக்கு கிரெடிட் கேட்க முடியுமா? ஒரு கஸ்டமர் வக்கீல் வச்சு கேட்கறேன்னு நிக்கறாரு.

லைன்மேன்_ஓய்வு
கேட்கலாம், குறைதீர் மன்றம் இருக்கு. ஆனா ஓடாத யூனிட்டை மீட்டர் எப்படி காட்டும்? இன்வெர்ட்டர் லாக் வச்சு வாதாடணும், ஜெயிச்சவங்களை நான் பாத்ததில்ல.

தோட்டத்துவீடு
காப்பர் ஒயர்ல இருந்து அலுமினியம் சர்வீஸுக்கு சேர்க்கற எடத்துல முறுக்கி இன்சுலேஷன் டேப் சுத்தியிருக்காங்க, 10 ஸ்கொயர் போடும்போதும் அப்படியே விடலாமா?

லைன்மேன்_ஓய்வு
விடவே கூடாது. காப்பரும் அலுமினியமும் நேரா முறுக்கினா ஈரம் பட்டு அரிச்சு லூஸாகும், அப்புறம் அந்த ஜாயின்ட்டே உங்களுக்கு ரெண்டு ஓம் கொடுக்கும். பைமெட்டல் லக் கேட்டு வாங்குங்க, ஹார்டுவேர் கடைல இல்லைன்னா எலக்ட்ரிக்கல் கடைல கிடைக்கும், கிரிம்ப் பண்ற டூலோட வர சொல்லுங்க, சுத்தியல்ல தட்டி விடப்போறாங்க.